தலைப்பில் தொலைந்த ‘ஐ’

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றைப் பற்றி, “கிராணி அடித்த தொழிலாளி மீது விசாரணை” எனச் செய்தித் தலைப்பொன்று வருவதாகக் கொள்வோம். தொழிலாளி கிராணியை அடித்தாரா, கிராணியிடம் அடிபட்டாரா? ‘ஐ’ உருபு மறைந்திருக்கக் கூடுமாதலால் இரு பொருளுக்கும் இடமுண்டு. அடிபட்டவரே குற்றவாளியாகத் தோன்றும் கொடுமையும் நேரலாம். தொல்காப்பிய உரையாசிரியர்கள் இத்தடுமாற்றத்தைப் ‘புலி கொல் யானை’ என்னும் தொடரால் அன்றே விளக்கினர்.

தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு; ஆதலின் ஆங்கிலத்தில் எழுதியோர் சிறு சொற்களை விட்டனர். அவை தனித்து நிற்பவை. தமிழிலோ உருபு பெயரோடு ஒட்டி நிற்கும். ‘கிராணியை’ என்பதும் ஒரு சொல்லே. அதை விடுவதால் மிஞ்சுவது ஓரெழுத்தின் இடம்! இதற்கா இத்தனைச் சிக்கனம்?

உருபு தொகுவதெல்லாம் பிழையன்று. ‘மரம் வெட்டினான்’ என்றால் எவரும் மயங்கார். மரம் மனிதனை வெட்டாது. செய்பவரும் செயப்படுபவரும் இடம் மாறக்கூடியவராய் இருக்கும்போதே இடர் எழும். அங்கே ‘கிராணியை அடித்த’ என்றோ ‘கிராணியிடம் அடிபட்ட’ என்றோ எழுதினால் போதும். இரண்டும் இரண்டிரண்டு சொற்களே.