சராசரியில் தொலையும் புஷ்ஷிங்

மின்மாற்றியின் தொட்டியில் இருக்கும் எண்ணெயும், அதன் தலையில் நிற்கும் புஷ்ஷிங்கினுள் இருக்கும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எண்ணெயில் ஊறிய காகிதச் சுற்றுகளால் ஆன புஷ்ஷிங் தனியாக மூடப்பட்ட பாத்திரம். அதற்குள் காகிதம் கருகத் தொடங்கினாலும் தொட்டி எண்ணெயில் அதன் தடயம் தெரியாது. அதனால் வாயு உணரியை மட்டும் நம்பியிருப்பவருக்கு, புஷ்ஷிங் வெடித்த பிறகே சேதி வரும். புஷ்ஷிங்கின் லீகேஜ் கரண்டையும் எண்ணெயில் கரைந்த வாயுக்களையும் மின்மாற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கும் முறை இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. அளவுகள் பெரும்பாலும் பயனுள்ளவை. அவற்றை ஒரே எண்ணாகச் சுருக்கி ‘உடல்நலக் குறியீடு’ ஆக்கும்போதுதான் தவறு நுழைகிறது.

முதலில் புஷ்ஷிங்கைப் பார்ப்போம். நடுக்கம்பியைச் சுற்றிக் காகிதமும் அலுமினியத் தாளும் மாறிமாறிச் சுற்றியிருக்கும். அடுக்கடுக்கான மின்தேக்கிகள் தொடராக நிற்பதாகக் கொள்ளலாம். கடைசித் தாளிலிருந்து ஒரு சிறு முனை வெளியே வரும். அதை டெஸ்ட் டேப் என்பார்கள். சாதாரணமாக ஒரு மூடி அதை எர்த்தோடு இணைத்திருக்கும். மூடியைக் கழற்றி, அங்கே உணரியைத் திருகி, அதன் வழியாக எர்த்துக்குப் போகும் மின்னோட்டத்தை அளக்கிறோம்.

230 கே.வி. புஷ்ஷிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தேக்குதிறன் 400 பிக்கோ ஃபாரட், உள்ளே 50 அடுக்குகள் என்று வைப்போம். எர்த்தை நோக்கிய மின்னழுத்தம் சுமார் 133 கே.வி. அப்படியானால் டேப் வழியே ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 16.7 மில்லி ஆம்பியர். ஓர் அடுக்கு ஷார்ட் ஆனால் 49 அடுக்குகள் மிஞ்சும். மின்னோட்டம் 2 சதவீதம், அதாவது 0.3 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் உயரும். ஐந்து அடுக்குகள் போனால் உயர்வு 11 சதவீதம். இந்த ஏற்றத்தைக் கருவி தெளிவாகக் காட்டும். அடுக்குகள் ஒவ்வொன்றாக உடையும் பழுதைப் பிடிப்பதில் இம்முறைக்கு நிகரில்லை. ஷட்டவுன் எடுத்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சோதனைக்கு, இரு சோதனைகளுக்கு நடுவே தொடங்கி முடிந்துவிடும் இந்தப் பழுதைக் காண வழியே இல்லை.

டான் டெல்டா வேறு கதை. ஈரம் ஏறிய காகிதத்தில் அது 0.3 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதத்துக்கு உயர்ந்தால், பழுது முற்றுகிறது என்று பொருள். ஆனால் அந்த உயர்வு மின்னோட்டத்தில் சேர்ப்பது வெறும் 0.07 மில்லி ஆம்பியர். கோணத்தில் கால் டிகிரிகூட இல்லை. மூன்று பேஸ்களின் மின்னோட்டங்களையும் கூட்டிச் சுழியாகிறதா என்று பார்ப்பது பரவலான உத்தி. லைன் மின்னழுத்தம் ஒரு பேஸில் 1 சதவீதம் கூடினாலே அந்தக் கூட்டுத்தொகை 0.17 மில்லி ஆம்பியர் நகர்ந்துவிடும். தேடும் பழுதைவிட இயல்பான ஏற்றத்தாழ்வு இரட்டிப்புக்கு மேல். மின்னழுத்த மின்மாற்றியை ஒப்பீட்டுக்கு வைத்தாலும், 0.5 வகுப்புக் கருவிக்கு அனுமதிக்கப்பட்ட கோணப் பிழை 20 நிமிடம், அதாவது மூன்றில் ஒரு டிகிரி. அந்தப் பிழை நிலையாக இருக்கும்வரை போக்கைப் பார்த்துச் சமாளிக்கலாம். வெயிலிலும் மழையிலும் அது நிலையாக இருப்பதில்லை. ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுதியில் வந்த மூன்று புஷ்ஷிங்குகளும் சேர்ந்தே கெட்டால் கூட்டுத்தொகை சுழியாகவே நிற்கும் என்பது இன்னொரு குறை.

உணரியே பழுதுக்குக் காரணமாகும் ஆபத்தும் உண்டு. எர்த் மூடியைக் கழற்றிய இடத்தில் கேபிள் அறுந்தால் டேப்பின் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் வரை ஏறும். உள்ளே பாதுகாப்பு உறுப்பு இல்லாத, மழைநீர் புகும் இணைப்பி நல்ல புஷ்ஷிங்கையும் கெடுத்துவிடும்.

வாயு உணரிக்கு வருவோம். ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை கண்ணாடி சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதைவிட, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் அளவு பெரிய முன்னேற்றம். அதன் பலன் தனி எண்ணில் இல்லை. ஏறும் வேகத்தில் இருக்கிறது. ஆய்வகத்து எண்ணும் உணரியின் எண்ணும் ஒத்துப்போகாதது வழக்கம். சேர்ந்தே ஏறினால் போதும். பல மாதங்களாக எண்ணெய் வெப்பமும் லோடும் மாறியபோதும் ஹைட்ரஜன் அளவு அசையாமல் நின்றால் மகிழ வேண்டாம். செத்த உணரி என்று சந்தேகிக்க வேண்டும். அசிட்டிலீன் மட்டும் ஏறினால் தொட்டிக்குள் ஆர்க்கிங் என்று அவசரப்படவும் கூடாது. டேப் சேஞ்சர் எண்ணெய் கசிந்து கலந்தாலும் அப்படித்தான் தெரியும். அசிட்டிலீன், ஹைட்ரஜனைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவைத் தேடச் சொல்கிறது ஐஇசி 60599.

இனி குறியீடு. ஒவ்வொரு சோதனைக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். முக்கியத்துவத்துக்கு ஏற்ற எடை. பெருக்கிக் கூட்டி நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வது பரவலான வழி. எடைகளின் கூட்டுத்தொகை 40, அதில் புஷ்ஷிங்குக்கு 5 என்று கொள்வோம். புஷ்ஷிங் முழுக்கக் கெட்டு 0 வாங்குகிறது, மற்றதெல்லாம் 4. கிடைப்பது 160க்கு 140, அதாவது 87.5 சதவீதம். 85க்கு மேல் ‘மிக நன்று’ என்று வகுக்கும் அட்டவணையில் இந்த மின்மாற்றி முதல் வரிசையில் உட்காரும். அன்றிரவே அது எரியலாம்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இந்தத் தவறைச் செய்வதில்லை. நான்கு பாடங்களில் 95, கணக்கில் 20 வாங்கியவனின் சராசரி 80. ஆனாலும் கணக்கில் 35 எடுக்காததால் அவன் தேறவில்லை. பிரிட்டனின் மின்வழங்கல் நிறுவனங்களுக்கான பொது முறை இதைப் புரிந்துகொண்டது. அங்கே எண் கூடினால் நிலை மோசம்; ஒரே ஒரு கெட்ட சோதனை முடிவு வந்தாலும் எண் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காதபடி தடை வைத்திருக்கிறார்கள். மற்றப் பாடங்களால் அதைக் காப்பாற்ற முடியாது.

இன்னொரு குறையைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று ஆண்டுக்கு முந்தைய டான் டெல்டாவும் இன்று காலை வந்த ஹைட்ரஜனும் ஒரே கணக்கில் சம உரிமையோடு உட்காருகின்றன. அளவு எடுக்காத இடத்தில் ‘நன்று’ என்று நிரப்பிவிடும் மென்பொருளும் உண்டு. அங்கே அறியாமைக்கே மதிப்பெண் விழுகிறது.

அப்படியானால் குறியீடு வீணா? இல்லை. நூறு மின்மாற்றிகளில் அடுத்த ஐந்தாண்டில் எவற்றை மாற்றுவது, எவற்றின் எண்ணெயை வடிகட்டுவது என்று பணம் ஒதுக்குபவருக்கு அது நல்ல வரிசைப் பட்டியல். காகிதத்தின் மூப்பும் எண்ணெயின் தரமும் மெல்ல மாறுபவை. சராசரிக்கு அவை பொருந்தும். புஷ்ஷிங் மின்னோட்டமும் அசிட்டிலீனும் சில நாட்களில், சில வேளை சில மணி நேரத்தில் மாறுபவை. அவற்றைச் சராசரியில் கரைக்காமல், ஷிப்டில் இருப்பவரின் அலாரப் பலகைக்கே நேராக அனுப்ப வேண்டும்: மின்தேக்குதிறன் 5 சதவீதம் ஏறினால் ஷட்டவுன் எடுத்துச் சோதி, 10 சதவீதமானால் திரும்ப ஏற்றாதே என்ற தெளிவான கட்டளையோடு. குறியீட்டுத் தாளில் மொத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, ஆகக் குறைந்த மதிப்பெண் எந்த உறுப்புக்கு, அதை அளந்த தேதி எது என்ற இரண்டு கட்டங்களும் இருக்கட்டும். ‘87.5, புஷ்ஷிங் 0, நேற்று’ என்று படிப்பவர் அந்த மின்மாற்றியை ‘மிக நன்று’ வரிசையில் விட்டுவைக்க மாட்டார்.