அட்டையின் பொய்யும் புள்ளியின் மெய்யும்

புவித்தட்டுப் பாடத்தை அட்டையில் வெட்டிய கண்டங்களோடும் உண்மையான நிலநடுக்கப் பட்டியலோடும் நடத்துவது ஒரு நுட்பமான கலை. முதல் பாதியில் அட்டை ஒரு பொய்யைச் சொல்கிறது. இரண்டாம் பாதியில் பட்டியல் அதைப் பிடித்துக் கொடுக்கிறது. இந்த நாடகம் ஒழுங்காக நடந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் மறக்காது.

நல்ல ஆசிரியரை அட்டை வெட்டும்போதே கண்டுகொள்ளலாம். சுவர் வரைபடத்தில் துருவப் பக்கத்து நிலங்கள் ஊதிப்போயிருக்கும். அதனால் அவர் உலக உருண்டையின் மேல் மெல்லிய தாளைப் படியவைத்து வரைவார். கரையோடு வெட்டவும் மாட்டார். 1965இல் புல்லார்டும் அவருடைய கூட்டாளிகளும் ஆப்பிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் கணினியில் பொருத்திப் பார்த்தபோது கரைக்கோட்டை விட்டுவிட்டு, சுமார் 900 மீட்டர் ஆழக் கோட்டையே எடுத்துக்கொண்டார்கள். கண்டத்தின் நிஜமான ஓரம் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது உடனே விளங்கும். கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பிள்ளைகளுக்குப் பாக் நீரிணை எவ்வளவு ஆழம் குறைந்த கடல் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழக்கோட்டின்படி வெட்டினால் இலங்கை தனித்துண்டாக வராது, நம்மோடு ஒட்டிக்கொண்டே வரும். அட்டைகளைச் சேர்க்கும்போது இந்தியாவின் கிழக்கோரம் அண்டார்டிகாவிடம் போய் அமர்கிறது. ஆப்பிரிக்காவில் மட்டும் நைஜர் கழிமுகம் துருத்திக்கொண்டு பொருந்த மறுக்கும். அது கண்டங்கள் பிரிந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். துருத்தலை மறைக்க அந்த இடத்தை வெட்டிவிடுகிறவர் பாடத்தின் ருசியையே வெட்டிவிடுகிறார்.

அட்டைகளை மேசைமேல் நகர்த்தும்போதுதான் பொய் நுழைகிறது. கண்டம் நகர, கடல் அசையாமல் கிடப்பதாகத் தோன்றும். வெகெனரும் கண்டங்கள் கடல்தரையை உழுதுகொண்டு போவதாகத்தான் நினைத்தார். ஆசிரியர் இதைத் திருத்தாமல் பட்டியலைக் கையில் கொடுக்கிறார்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்கப் பட்டியல் யாருக்கும் இலவசம். அதில் `latitude`, `longitude`, `depth`, `mag` என்ற நான்கு பத்திகள் போதும். அளவு 5க்கு மேற்பட்டவற்றைக் குழுவுக்கு இத்தனை என்று பிரித்து உலகப் படத்தில் புள்ளி வைத்தால் சோழமண்டலக் கரை வெறிச்சென்று கிடக்கும். அட்டை முடிகிற இடத்தில் புள்ளிகளின் வரிசையைக் காணோம். 2001 செப்டம்பரைச் சேர்த்துக்கொண்டால் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஒற்றைப் புள்ளி விழும். தட்டின் நடுவிலும் எப்போதாவது நிலம் அதிரும். ஆனால் ஒற்றைப் புள்ளி எல்லையாகாது. வரிசையோ அந்தமானை ஒட்டி ஓடுகிறது.

அடுத்து ஆழம். இதற்கு டோங்காவைவிடத் தோதான இடமில்லை. தெற்கு 20 முதல் 22 பாகை வரை, மேற்கு 173 முதல் 180 பாகை வரை உள்ள நடுக்கங்களைப் பிரித்தெடுத்து, வரைபடத்தாளில் கிடையாகத் தீர்க்கரேகையும் கீழ்நோக்கி ஆழமும் குறிக்க வேண்டும். அங்கே ஒரு பாகை சுமார் 104 கிலோமீட்டர். இரண்டு அச்சுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் சரிவு நிஜமான கோணத்தில் வரும். கிழக்கே அகழியருகில் ஆழமில்லாமல் தொடங்கும் புள்ளிகள் மேற்கே போகப்போக இறங்கி, 600 கிலோமீட்டரையும் தாண்டுகின்றன. கடல்தரையே பூமிக்குள் சரிந்து போவதைப் பிள்ளைகள் தங்கள் பென்சிலால் வரைந்துவிடுகிறார்கள்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. மேற்குத் தீர்க்கரேகை −174, −178 என்று எதிர்க்குறியோடு வரும். குறியைக் கவனிக்காமல் 174ஐ இடப்பக்கம் வைத்தால் தட்டு எதிர்த்திசையில் சரியும். சரிவு கிழக்கே இறங்கினால் அச்சு தலைகீழ் என்று அர்த்தம். இன்னொன்று, சரியாக 10 கிலோமீட்டரில் கோடு போட்டதுபோல் வரும் புள்ளிகள். ஆழத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாதபோது ஆய்வு மையம் அந்த எண்ணை நிலையாக வைத்துக்கொள்வது வழக்கம். இயற்கை போட்ட கோடல்ல அது என்று சொல்லித்தருகிற இடத்தில் பாடம் அறிவியலாகிறது.

கடைசியில் புது அட்டை, புது வெட்டு. இப்போது வெட்டவேண்டியது கண்டத்தை அல்ல, தட்டை. இந்தியத் துண்டின் வடவோரம் இமயம். கிழக்கோரம் மணமேல்குடியில் நிற்காமல் வங்கக்கடலையும் அள்ளிக்கொண்டு அந்தமான் பக்கம் வரை போகிறது. தெற்கே போனால் கத்தரிக்கோல் தடுமாறும். அங்கே புள்ளிகள் வரிசையாக இல்லாமல் அகலமாகச் சிதறிக் கிடக்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே நிகழ்ந்த 8.6 அளவு நடுக்கம்கூட அகழியில் இல்லை, கடல்தட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அங்கே ஒன்றைவிட்டு ஒன்று இன்னும் முழுதாகப் பிரியவில்லை. தேர்ந்த ஆசிரியர் அந்த ஓரத்தை வெட்டவிடாமல் பென்சிலால் நிழலிட்டு வைக்கச் சொல்வார். பாடநூல் படத்தில் அழுத்தமாக இருக்கும் அந்தக் கோட்டைவிட, பிள்ளைகளின் நிழல்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.