யேசுதாஸ் எந்த நெடுவரிசையில்?

முழுப்பெயர்களை முதற்பெயர், கடைசிப் பெயர் என இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே விதியை நம்புகிறார்கள்: கடைசி இடைவெளிக்குப் பின் நிற்பது குடும்பப்பெயர். எக்செல்லில் அதற்கான சூத்திரம் இது:

```
=TRIM(RIGHT(SUBSTITUTE(A2," ",REPT(" ",100)),100))
```

ஒவ்வொரு இடைவெளியையும் நூறு இடைவெளிகளாக விரித்து, வலப்புறம் நூறு எழுத்துகளை வெட்டி, வெற்றிடத்தைத் துடைத்துவிடுகிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் கொங்கணிகளுக்கு இது கச்சிதம்; பை, ஷெனாய், காமத் எல்லாம் சரியாக வந்து விழும். கச்சி மேமன்களின் ‘சேட்’டும் அப்படியே. மரியாதைச் சொல்லாக இருந்து குடும்பப்பெயரானது அது. பிரிக்கும் முன் நீக்க வேண்டிய பட்டங்களின் பட்டியலில் அதையும் சேர்த்தால் குடும்பமே காணாமல் போகும்.

போர்ட் கொச்சியில் 1940-இல் பிறந்த பாடகர் கே. ஜே. யேசுதாஸிடம் விதி தடுமாறுகிறது. ‘கே’ கட்டாச்சேரி என்னும் வீட்டுப்பெயர், ‘ஜே’ தந்தை அகஸ்டின் ஜோசப், ‘யேசுதாஸ்’ அவருக்கு இட்ட பெயர். சூத்திரமோ இட்ட பெயரைக் குடும்பப்பெயராக்கி, உண்மையான வீட்டுப்பெயரை முதற்பெயர்ப் பக்கம் தள்ளுகிறது. மகன் விஜய் யேசுதாஸ் பெயரில் அதே சொல் கடைசிப் பெயராகவே வழங்குகிறது. விளைவு வேடிக்கையானது: ஜோசப்பும் யேசுதாஸும் வெவ்வேறு குடும்பம், யேசுதாஸும் விஜயும் ஒரே குடும்பம்.

அதே ஊரின் பரதேசி யூதர் எஸ். எஸ். கோடரின் பெயரும் இதே வடிவம்தான். ஆனால் கோடர் குடும்பப்பெயர். இரண்டு முதலெழுத்தும் ஒரு சொல்லும் கொண்ட இவ்விரு பெயர்களையும் வடிவத்தை மட்டும் பார்த்து எந்தச் சூத்திரமும் பிரித்தறியாது. இது சூத்திரத்தின் பிழையன்று. வேண்டிய தகவல் அந்தக் கட்டத்தில் இல்லை.

மற்றக் கோளாறுகள் திருத்தக் கூடியவை. கேரளத்தில் முதலெழுத்தைப் பின்னால் எழுதும் வழக்கம் பரவலானது; `Yesudas K J` என்றிருந்தால் கடைசிப் பெயர் `J` ஆகிவிடும். புள்ளிக்குப் பின் இடம் விடாத `K.J.Yesudas` அப்படியே முழுதாக வரும். பாதிரியாரைக் குறிக்கும் `Fr` என்பதைக் கண்ட இடமெல்லாம் நீக்கினால் `Francis` வெறும் `ancis` ஆகும். பெயரின் தொடக்கத்தில், பின்னால் புள்ளியோ இடைவெளியோ இருக்கும்போது மட்டுமே நீக்க வேண்டும்.

பிரித்தபின் சோதிக்க எளிய வழி உண்டு. கடைசிப் பெயர் நெடுவரிசையை நீளப்படி வரிசையிட்டால் ஓரெழுத்துகள் மேலே வரும். ஒரே சொல் இரு நெடுவரிசைகளிலும் தோன்றினால், இட்ட பெயராகவும் கடைசிப் பெயராகவும் வழங்கும் ஜோசப் போல, அந்த வரிகளைக் கையால் பார்க்க வேண்டும்.

ஆகவே இரண்டு நெடுவரிசை போதாது. மூலப்பெயரைத் தொடாமல் வைத்து, பட்டம், இட்ட பெயர், முதலெழுத்து, குடும்பப்பெயர் என நான்காக்கி, தெரியாத குடும்பப்பெயரைக் காலியாக விடுவதே நேர்மையானது. ஆனால் காலியிடத்தை எல்லாரும் ஏற்பதில்லை: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்போரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அத்தகைய படிவத்துக்காக நிரப்பும் கடைசிப் பெயரை அந்த ஏற்றுமதிக் கோப்பில் மட்டும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத வேண்டும். மூலப் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.