பசுவை விடக் கன்று விலை கூடிய நாள்

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் இரவில் பரனூர் சுங்கச்சாவடியைப் பார்த்திருப்பீர்கள். வரிசைகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே நீளத்தில் நிற்கும். யாரும் அளந்து நிறுத்தியதில்லை. ஒரு வரிசை கொஞ்சம் குறைந்ததும் பின்னால் வரும் நாலு கார்கள் அதற்குள் நுழைந்துவிடுகின்றன. குறை அப்போதே நிரம்பிவிடுகிறது. எந்த வரிசை வேகமாக நகரும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய லாபமில்லை. உங்களுக்கு முன்னால் நூறு பேர் அதே யோசனையில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டார்கள்.

திறன்மிகு சந்தைக் கொள்கை சொல்வதும் இதைத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் ஃபாமா 1970-ல் இதைத் தொகுத்து எழுதினார்: கிடைக்கும் தகவல் முழுவதையும் பங்கு விலை தனக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல செய்தி வந்தால் விலை உடனே ஏறிவிடும். நீங்கள் நாளிதழில் படித்துவிட்டு வாங்கப் போகும்போது அதில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

பாடப்புத்தகம் இதை ஒரே கொள்கையாகச் சொல்லிவிட்டு வலுவற்றது, ஓரளவு வலுவானது, வலுவானது என்று மூன்றாகப் பிரித்துத் தேர்வுக்குத் தயார் செய்கிறது. அதைவிடப் பயனுள்ள பிரிப்பு ஒன்று உண்டு. ரிச்சர்ட் தேலர் அதை வலியுறுத்தி எழுதியிருக்கிறார். இந்தக் கொள்கைக்குள் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சந்தையில் இலவசச் சாப்பாடு கிடையாது, அதாவது யாரும் தொடர்ந்து சந்தையை முந்த முடியாது என்பது ஒன்று. விலை சரியானது, அதாவது அந்த நிறுவனத்தின் உண்மையான மதிப்பே அதன் விலை என்பது இன்னொன்று. முதலாவது உறுதியாக நிற்கிறது, இரண்டாவது அடிக்கடி தடுக்கி விழுகிறது என்பது என் கருத்து. ஒரே நாளில், ஒரே பங்கில், முதலாவது நின்று இரண்டாவது விழுந்த கதையும் இருக்கிறது. அதற்கு முன், கொள்கையின் பலத்தைப் பார்த்துவிடுவோம்.

1986 ஜனவரி 28 காலை 11.39-க்கு சேலஞ்சர் விண்கலம் வானில் வெடித்தது. அந்தத் திட்டத்தில் முக்கியமான ஒப்பந்தக்காரர்கள் நால்வர்: ராக்வெல், லாக்ஹீட், மார்ட்டின் மாரியெட்டா, மார்ட்டன் தயோக்கால். செய்தி பரவிய சில நிமிடங்களிலேயே நால்வரின் பங்குகளும் சரிந்தன. ஆனால் தயோக்காலை விற்க வந்த கூட்டத்தில் அதன் வணிகத்தையே சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மாலையில் மற்ற மூன்றும் சுமார் 3 சதவீத இழப்போடு தேறியிருக்க, தயோக்கால் மட்டும் ஏறக்குறைய 12 சதவீதம் இழந்திருந்தது. அன்றைக்கு எந்தச் செய்தியிலும் தயோக்கால்தான் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. அந்த நிறுவனம் செய்துகொடுத்த ராக்கெட் பூஸ்டரின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனதுதான் காரணம் என்று விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது ஜூன் மாதத்தில். மலோனி, மல்ஹெரின் என்ற இரு பொருளியலாளர்கள் பின்னாளில் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்தகவல் வைத்து யாரும் விற்றதற்கான தடயம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மலைக்க வைக்கும் கதைதான். ஆனாலும் ஒரு சந்தேகத்தை இதோடு முடிந்து வையுங்கள். சந்தை கண நேரத்தில் தப்பான ஆளைத் தண்டித்த நாட்களும் இருந்திருக்கும். அவற்றைப் பற்றி யாரும் ஆய்வுக்கட்டுரை எழுதுவதில்லை.

இலவசச் சாப்பாடு இல்லை என்பதற்கு இதைவிடச் சலிப்பான, ஆனால் திடமான சான்று மைக்கேல் ஜென்சன் 1968-ல் வெளியிட்டது. 1945 முதல் 1964 வரை 115 அமெரிக்கப் பரஸ்பர நிதிகளை அவர் அலசினார். எடுத்த இடருக்கு ஏற்றபடி கணக்குப் போட்டால், சராசரியாக அவை சந்தையை முந்தவில்லை; செலவுகளைக் கழிக்காமல் பார்த்தாலும் அப்படியே. இண்டெக்ஸ் ஃபண்ட் என்ற பண்டமே இந்த மாதிரிச் சான்றுகளின் மேல் எழுந்ததுதான்.

இனி, விலை சரியானதா என்ற கேள்வி. இங்கே விமர்சகர்கள் நெடுங்காலம் ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் ராபர்ட் ஷில்லர், நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகை ஏறி இறங்குவதைவிடப் பங்கு விலைகள் பல மடங்கு அதிகமாக ஆடுகின்றன, தகவலை மட்டும் வைத்து இந்த ஆட்டத்தை விளக்க முடியாது என்றார். ஃபாமாவின் தரப்பில் பதில் தயாராக இருந்தது. விலை தப்பு என்று சொல்ல, சரியான விலை எது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு மாதிரி தேவை. மாதிரியே தப்பாக இருந்தால்?

காய்கறிக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எடைக்கல் சரிதானா என்று தெரியாமல் தராசைச் சோதிக்க முடியாது. தராசு சரிதானா என்று தெரியாமல் எடைக்கல்லைச் சோதிக்க முடியாது. முள் சாய்ந்தால் குற்றம் எதன் மேல்? இதைத்தான் கூட்டுக் கருதுகோள் சிக்கல் என்கிறார்கள். இந்தச் சண்டை தீராமலே 2013-ல் ஃபாமா, ஷில்லர் இருவருக்கும் (கூடவே லார்ஸ் ஹான்சனுக்கும்) ஒரே மேடையில் நோபல் பரிசு கொடுத்தார்கள். வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியது போல.

எடைக்கல்லே தேவைப்படாத ஒரு சோதனை 2000 மார்ச் 2 அன்று தானாக வந்து அமைந்தது.

த்ரீகாம் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் பாம் என்ற துணை நிறுவனம் இருந்தது; கையடக்கக் கணினி செய்வது அதன் தொழில். பாமில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் த்ரீகாம் அன்று பங்குச் சந்தையில் விற்றது. மீதி 95 சதவீதத்தை, வரித்துறையின் ஒப்புதல் கிடைத்ததும் அந்த ஆண்டுக்குள் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுப்பதாக முன்னரே அறிவித்திருந்தது. ஒரு த்ரீகாம் பங்கு வைத்திருப்பவருக்குச் சுமார் ஒன்றரை பாம் பங்கு வரும். துல்லியமாக 1.525.

இது பசுவும் கன்றும் விற்கும் கணக்கு. பசுவை வாங்கினால் கன்றும் கூட வரும். எனவே பசுவின் விலை கன்றின் விலைக்குக் கீழே போகக் கூடாது. பசு பாலே கறக்காவிட்டாலும் கூடாது. பிடிக்காவிட்டால் பசுவை விட்டுவிட்டுக் கன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே.

அன்று மாலை பாம் 95.06 டாலரில் முடிந்தது. அதை 1.525-ஆல் பெருக்கினால் 145 டாலர். த்ரீகாம் பங்கு குறைந்தது அந்த 145-ஆவது இருக்க வேண்டும். அதற்கு மேல், த்ரீகாமிடம் பங்கு ஒன்றுக்குச் சுமார் 10 டாலர் ரொக்கமும் கடன்பத்திரங்களும் இருந்தன. ஓடிக்கொண்டிருந்த சொந்தத் தொழிலும் இருந்தது. அப்படியிருந்தும் முந்தைய நாள் 104 டாலருக்கு இருந்த த்ரீகாம், அன்று 81.81-க்குச் சரிந்தது. 145-ஐ 81.81-இலிருந்து கழித்துப் பாருங்கள். பாமை நீக்கிய த்ரீகாமுக்குச் சந்தை வைத்த மதிப்பு பங்குக்கு மைனஸ் 63 டாலர். மொத்தமாகச் சுமார் மைனஸ் 2,200 கோடி டாலர்.

கன்று பத்தாயிரம், பசுவும் கன்றும் சேர்த்து ஆறாயிரம் என்று எழுதிப் போட்டால் மாட்டுச் சந்தையில் சிரிப்பார்கள். இங்கே எந்த மாதிரியும் தேவையில்லை, எதிர்கால ஈவுத்தொகையைக் கணிக்க வேண்டியதில்லை. இரண்டு விலைகளையும் சொன்னது அதே சந்தைதான். இது ரகசியமும் அல்ல. மறுநாளே அமெரிக்க நாளிதழ்கள் இந்தக் கணக்கை எழுதின. ஆனாலும் மே மாதம் வரை கணக்கு நேராகவில்லை. இதை ஆராய்ந்த ஓவன் லாமன்ட்டும் தேலரும் 2003-ல் வெளியிட்ட கட்டுரைக்கு, சந்தைக்குக் கூட்டல் கழித்தல் தெரியுமா என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள்.

ஒரு நல்ல மாணவர் இங்கே எழுந்து கேட்பார்: த்ரீகாமை வாங்கி, பாமை ஷார்ட் செய்திருந்தால் பணம் கொட்டியிருக்குமே, ஏன் யாரும் செய்யவில்லை?

ஷார்ட் செய்வது என்றால் கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பது. இரவல் கொடுக்க யாரிடமாவது பங்கு இருக்க வேண்டும். சந்தைக்கு வந்ததே 5 சதவீதம். அதிலும் பெரும்பகுதி, இரவல் கொடுக்கும் வழக்கமில்லாத, பாமின் மேல் ஆசைப்பட்டு வாங்கிய கைகளில் இருந்தது. கிடைத்த கொஞ்சத்துக்கும் இரவல் கட்டணம் எகிறியது. பங்கின் சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம் என்ற தொல்லை வேறு. அன்றைய ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள்: வெளியீட்டு விலை 38, பகலில் தொட்ட உச்சம் 165. விலை மிகை என்று நினைத்து அந்த உச்சத்துக்கு முன்பே ஷார்ட் செய்தவரின் கணக்கு சரிதான். ஆனால் 165-ல் அவர் தரகருக்கு மார்ஜின் கட்டியாக வேண்டும். கட்ட முடியாவிட்டால் அவர் சரியாக இருந்தது யாருக்கும் தெரியாமலே போகும்.

அதாவது, கொள்கையின் ஆதரவாளர் சொல்வது உண்மை: இலவசச் சாப்பாடு அங்கே இல்லை. விமர்சகர் சொல்வதும் உண்மை: விலை அபத்தம். முதலாவதை வைத்து இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக நினைப்பதில்தான் பிழை. லாபம் எடுக்க முடியாத அளவுக்கு வேலி போட்ட தப்பு விலை, தப்பு விலையேதான்.

வேலியே இல்லாவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. சுங்கச்சாவடிக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். வரிசைகள் எப்போதும் சமம் என்று எல்லாரும் நம்பி, கண்ணை மூடிக்கொண்டு முதல் வரிசையில் சேர்ந்தால் என்னவாகும்? வரிசைகள் சமமாக இருக்காது. யாராவது எட்டிப் பார்ப்பதால்தான் அவை சமமாகின்றன. எட்டிப் பார்ப்பவருக்கு இரண்டு நிமிடமாவது மிச்சமாகாவிட்டால் அவர் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்? 1980-ல் கிராஸ்மனும் ஸ்டிக்லிட்ஸும் இதைச் சமன்பாடுகளில் எழுதினார்கள். தகவல் திரட்டச் செலவாகும். அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்காவது விலை தப்பாக இருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு திறன்மிகு சந்தை தன் அடித்தளத்தைத் தானே தின்றுவிடும். விமர்சனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரையும் முட்டாள் என்று சொல்லாமலே கொள்கையின் எல்லையைக் காட்டிவிடுகிறது.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் முக்கியச் சொத்து ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள். அதன் ஒரு பங்குக்கான புத்தக மதிப்பு ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மும்பைப் பங்குச் சந்தையில் அதன் விலை 2024 ஜூனில் 3 ரூபாய் 53 காசு. அந்த நிறுவனம் பங்குக்கு 25 ரூபாய் ஈவுத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றரை ரூபாய்ப் பங்குக்கு! வாங்க ஆசைப்பட்டவர்கள் உண்டு, விற்க ஆளில்லை. அன்றாட விலைவரம்பு இருந்ததால் யாரும் லட்சங்களில் விலை கேட்கவும் வழியில்லை. செபியின் ஏற்பாட்டில் 2024 அக்டோபர் 29 அன்று விலைவரம்பு இல்லாத சிறப்பு ஏலம் நடந்தது. அன்றைக்கே பங்கு 2,36,250 ரூபாயைத் தொட்டது.

3 ரூபாய் 53 காசு தப்பு விலையா, அல்லது யாரும் வாங்க முடியாததால் அது விலையே இல்லையா என்பதை வகுப்பில் விவாதியுங்கள். அதைவிடக் கடினமான கேள்வி ஏலத்துக்குப் பிறகுதான் வருகிறது: வேலி போய்விட்டது, வாங்குபவரும் விற்பவரும் வந்துவிட்டார்கள், ஆனாலும் அன்றைய விலை புத்தக மதிப்பில் பாதியைக்கூடத் தொடவில்லை.