பணம் பிடிக்கும் இலங்கை, காலம் கொடுக்கும் இந்தியா: ஒப்படைப்புக்கு முன் ஒரு குறைப்பட்டியல்

கட்டி முடித்த கட்டடத்தைக் கைமாற்றும் முன் அறை அறையாக நடந்து குறைகளை எழுதி, திருத்தச் சொல்லி, மறுபடி பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் இலங்கையிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. இரு நாட்டிலும் கட்டுமானத் துறையினர் அதை ‘ஸ்னாக் லிஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலுக்கு வலுச் சேர்ப்பது இலங்கையில் பிடித்துவைத்த பணம். இந்தியாவில் சட்டம் தரும் காலம். இந்த வேறுபாடு தெரிந்தால்தான் பட்டியலை எப்படி எழுதுவது, எப்போது எழுதுவது என்பது புரியும்.

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். கதவிலிருந்து வடிகால் வரை 2 மீட்டர் என்றால், நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் தரை 20 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால், சரிவு பிசகிய இடத்தில் நீர் நிற்கும். டைல்ஸை மரக்கைப்பிடியால் தட்டினால், அடியில் சாந்து நிரம்பாத இடம் வெற்றொலி தரும். வடிகால் வாயை அடைத்து, நிலைப்படி தாண்டாத அளவுக்கு நீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

‘குளியலறைத் தரை சரியில்லை’ என்று எழுதினால், சந்துகளில் வெள்ளைச் சிமெண்ட் பூசிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ‘2ஆம் மாடி, பொதுக் குளியலறை, மேற்குச் சுவரோரம், கதவிலிருந்து 600 மி.மீ. தள்ளி நீர் தேங்குகிறது. டைல்ஸைப் பெயர்த்துச் சரிவைத் திருத்தி, மீண்டும் 24 மணி நேரம் நீர் கட்டிக் காட்ட வேண்டும்’ என்று படத்தோடும் தேதியோடும் எழுதினால் அப்படித் தப்ப முடியாது. கடைசி வரி முக்கியம். டைல்ஸைப் பெயர்க்கும்போது அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சு கிழியக்கூடும். அப்படியானால் சரிவு திருந்தும், கசிவு புதிதாகப் பிறக்கும்.

இலங்கையில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஒப்பந்தங்களைப் பின்பற்றும் வேலைகளில், ஆலோசகப் பொறியியலாளரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து நடந்து இந்தப் பட்டியலை எழுதுவார்கள். வேலைக்கிடையே கொடுக்கும் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதி பிடித்துவைக்கப்படும். பெரும்பாலும் ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம் வரை. 2 கோடி ரூபாய் வேலை என்றால் அது 10 இலட்சம். கையேற்புச் சான்றிதழோடு 5 இலட்சம் விடுவிக்கப்படும். மீதி 5 இலட்சம், பொதுவாக 365 நாள் ஓடும் குறை அறிவிப்புக் காலம் முடிந்து, பட்டியலில் உள்ளவை தீர்ந்த பின்பே. ஒப்பந்தக்காரர் திரும்பி வராவிட்டால் அந்தப் பணத்தில் வேறு ஆளை வைத்துத் திருத்தலாம்.

தமிழ்நாட்டில் அடுக்ககத்தில் வீடு வாங்குபவரின் கையில் அப்படிப் பணம் நிற்பதில்லை. சாவி வாங்குவதற்குள் முழுத் தொகையும் போயிருக்கும். பதிலாக, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள், கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையை எடுத்துச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் தம் செலவில் திருத்த வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். இங்கே பட்டியல் ஒரு சாட்சியம். சாவி வாங்கிய அன்று எழுதி, பில்டர் தரப்பின் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்திருப்பவருக்கு, ‘நீங்கள் குடியேறிய பிறகு வந்த குறை’ என்ற பதிலை மறுப்பது எளிது.

கால வேறுபாட்டை மழை காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ஜனவரியில் கையேற்ற கட்டடம் தன் முதல் பெருமழையைப் பத்தாவது மாதத்தில்தான் காண்கிறது. சென்னை வீட்டுக்காரருக்கு ஐந்து மழைக்காலம் உண்டு, யாழ்ப்பாணத்தில் ஒன்றுதான். ஆகவே அங்கே டிசம்பர் நடுவில், மழை ஈரம் காயும் முன்பே, மொட்டைமாடி, ஜன்னல் அடிக்கட்டை, மழைநீர்க் குழாய் இணைப்புகளை மறுபடி பார்த்து எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். ஜனவரி பிறந்து அந்த 365 நாள் முடிந்துவிட்டால் மீதிப் பணத்தைப் பிடித்துவைக்கக் காரணம் இருக்காது.

இரு வழக்கமும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சொந்த மனையில் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துக் கட்டும் வீடு அந்த ரியல் எஸ்டேட் சட்டத்துக்குள் வராது. அப்படிக் கட்டுபவருக்கு உதவுவது இலங்கை முறைதான். 5 சதவீதம் ஓராண்டு நிறுத்திவைக்கப்படும் என்று தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும். இலங்கையில் வீடு கட்டுபவர், கூரையொழுகலுக்கும் நீர்க்காப்புக்கும் மட்டுமாவது பல ஆண்டுப் பொறுப்பைத் தனியாக எழுதி வாங்கட்டும். ஏனெனில் டைல்ஸ் வெடிப்பு ஒரு வாரத்தில் தெரியும். நீர்க்காப்பின் தரம் தெரியப் பல மழை வேண்டும்.