ஹேஷ்டேக் வைத்தால் பார்வையாளர் வருவார்களா?

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சி அமைப்பான பிபிஎஸ், யூடியூபில் ‘தி ஆர்ட் அசைன்மென்ட்’ என்றொரு தொடரைத் தொடங்கியது. நடத்தியவர் சாரா யூரிஸ்ட் கிரீன். இண்டியானாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் தற்காலக் கலைப் பிரிவில் பணியாற்றியவர். ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு கலைஞர் பார்வையாளருக்கு ஒரு வேலை கொடுப்பார். அதைச் செய்தவர்கள் படமாகவோ காணொளியாகவோ #theartassignment என்ற ஹேஷ்டேக்குடன் தங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் பதிய வேண்டும்.

முதல் வேலையே ஆர்வத்தைக் கிளப்பக்கூடியது. வெவ்வேறு இடங்களில் வாழும் இரு நண்பர்கள் தங்கள் ஊர்களுக்கு நேர் நடுவே உள்ள புள்ளியை வரைபடத்தில் கணக்கிட வேண்டும். நாளும் நேரமும் குறித்துக்கொண்ட பிறகு, அந்த இடத்தில் சந்திக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. அந்தப் புள்ளி சோளக்காட்டின் நடுவில் இருக்கலாம், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கலாம். போய்ச் சேர்ந்ததும் நடந்ததைப் பதிவு செய்து ஹேஷ்டேக்குடன் போட வேண்டும்.

தங்கள் தொடருக்கென்று ஒரு ஹேஷ்டேக்கை உருவாக்கி, ‘எல்லாரும் பயன்படுத்துங்கள்’ என்று அறிவிக்கும் படைப்பாளிகள் இந்த உதாரணத்தை நின்று கவனிக்க வேண்டும். இங்கே பார்வையாளரிடம் கேட்கப்பட்டது ஹேஷ்டேக் அல்ல, ஒரு செயல். ஹேஷ்டேக் அந்தச் செயலின் விளைவைக் கொண்டுவந்து போடும் உண்டியல் மட்டுமே. வந்தவற்றிலிருந்து சிலவற்றைத் தொடர் பின்னர் தன் காணொளிகளிலேயே எடுத்துக் காட்டியது. செய்தால் யாரோ பார்ப்பார்கள், ஒருவேளை எல்லாருக்கும் காட்டுவார்கள் என்ற நம்பிக்கை அப்படித்தான் பிறந்தது.

தொலைக்காட்சியிலும் இதே கணக்குதான் வேலை செய்தது. அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன், ஒரு தலைப்பை ஹேஷ்டேக்காக ட்விட்டரில் கொடுத்து, வந்த வேடிக்கையான பதில்களை நிகழ்ச்சியில் வாசிப்பார். ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும். தேர்வானால் நாடே கேட்கும். உழைப்பு குறைவு, வெகுமதி பெரிது. ஆனால் தலைப்பு மாற மாற ஹேஷ்டேக்கும் மாறியது. அன்றைய தலைப்பு ட்விட்டரில் வேகமாகப் பரவி அடங்கிவிடும். கிரீனின் தொடர் ஒரே பெயரை விடாமல் பிடித்துக்கொண்டதால் பதிவுகள் ஒரே இடத்தில் குவிந்தன. அதற்கு அது கொடுத்த விலையும் உண்டு. எல்லா வேலைகளுக்கும் ஒரே ஹேஷ்டேக் என்பதால், முதல் வேலையான ‘நடுவில் சந்திப்பு’ப் படங்களை மட்டும் பார்க்க நினைப்பவர் மற்ற எல்லாவற்றையும் தாண்டியே போக வேண்டும். தொடருக்கு ஒரு நிலையான பெயர், அத்தியாயத்துக்கு ஒரு துணைப்பெயர் என்று இரண்டையும் கேட்கலாம்தான். ஆனால் கேட்பது கூடக் கூட எழுத்துப் பிழையும் மறதியும் கூடும்.

பெயரைத் தேர்வதிலேயே பலர் சறுக்குகிறார்கள். காணொளியில் பார்வையாளர் பெயரைப் பெரும்பாலும் காதால் கேட்கிறார், பிறகு நினைவிலிருந்து தட்டச்சு செய்கிறார். #theartassignment என்பதில் முதலில் நிற்கும் மூன்றெழுத்தை ஒருவர் விட்டுவிட்டால், அவருடைய பதிவு எந்த ஊர் ஓவிய மாணவரின் வீட்டுப்பாடத்தோடும் கலந்துவிடும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் இதைக் காணலாம். விஜய் டிவியின் ‘குக்கு வித் கோமாளி’யைப் பற்றி எழுதுபவர்கள் #CookWithComali என்றும் #CookuWithComali என்றும் பிரிந்து நிற்கிறார்கள். ஒரே ஓர் எழுத்து, ஆனால் தேடலில் இரண்டும் தனித்தனிக் குவியல்கள். சுருக்கமாக #CWC என்று எழுதினால் இன்னும் சிக்கல். உலகக் கோப்பைக் கிரிக்கெட் #CWC19, #CWC23 என்று அதே மூன்றெழுத்தோடுதான் வருகிறது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கும் எந்தத் தொடருக்கும் இந்தத் தொல்லை உண்டு. நாலைந்து பேரிடம் பெயரை வாயால் சொல்லி, எழுதிக் காட்டச் சொன்னாலே பிரச்சினை தெரிந்துவிடும். எல்லாரும் ஒரே மாதிரி எழுதாவிட்டால் பெயரை மாற்றுவதே நல்லது.

சொற்களைச் சேர்த்து எழுதுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2012இல் பாடகி சூசன் பாயிலின் இசைத்தொகுப்பு வெளியீட்டுக்கு அவர் தரப்பு #susanalbumparty என்று அறிவித்தது. எழுத்துகளை வேறு விதமாகப் பிரித்துப் படித்தவர்களுக்குக் கூச்சம் தரும் பொருள் கிடைத்தது. உலகம் முழுக்க அதுவே பேச்சானது. #SusanAlbumParty என்று ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கியிருந்தால் இந்தச் சங்கடம் பெருமளவு தவிர்ந்திருக்கும். திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்கும் இப்படி எழுதுவதே உதவி.

இவை கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய பிழைகள். ஹேஷ்டேக்கின் இயல்பிலேயே உள்ள குறை வேறு: அது யாருக்கும் சொந்தமல்ல. 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் காசு கொடுத்து #McDStories என்ற ஹேஷ்டேக்கை ட்விட்டரில் முன்னிறுத்தியது. நல்ல கதைகளை எதிர்பார்த்த இடத்தில் கசப்பான அனுபவங்கள் வந்து குவிந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் விளம்பரத்தை நிறுத்தினார்கள்; ஆனால் மக்கள் எழுதுவதை நிறுத்த முடியவில்லை. ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என்ற திறந்த அழைப்பு யாரையும் எதையும் எழுதவிடும். ‘நடுப்புள்ளியைக் கண்டுபிடித்துப் போய் நில்லுங்கள்’ என்பது வரையறுத்த வேலை. கேலி செய்ய நினைப்பவரும் முதலில் பயணப்பட வேண்டும். கிரீனின் முறைக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பைப் பலரும் கவனிப்பதில்லை.

தளங்கள் தொடரின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது இன்னொரு பலவீனம். குறுங்காணொளித் தளமான வைன் 2017இல் மூடப்பட்டது. ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியை இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டது. யூடியூபில் ஒரு காணொளிக்கு 60க்கு மேல் ஹேஷ்டேக் சேர்த்தால் அத்தனையும் புறக்கணிக்கப்படும். விளக்கக்குறிப்பில் எத்தனை எழுதினாலும் தலைப்பருகே அதிகபட்சம் மூன்றுதான் தெரியும். பூட்டிய கணக்கிலிருந்து ஒருவர் ஆசையோடு பதிவிட்டால் அது ஹேஷ்டேக் தேடலில் பொதுவாகத் தெரிவதே இல்லை. அவர் காத்திருப்பார், குழுவினரோ அவர் பதிவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பங்கேற்கச் சொல்லும்போதே ‘கணக்கு பொதுவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்’ என்று சொல்வது இந்த ஏமாற்றத்தைத் தடுக்கும். வந்தவற்றைக் குழு தன் பக்கத்தில் தனியே தொகுத்து வைத்தால் தளம் மூடினாலும் இழப்பில்லை. ஆனால் ஹேஷ்டேக்கோடு போட்டதையே அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவருடைய படத்தைக் காணொளியில் காட்டும் முன் அவரிடம் ஒரு வரி கேட்க வேண்டும். படத்தில் குழந்தை இருந்தால் பெற்றோரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பதிவுகளின் மொத்த எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளப்பது பெரிய ஏமாற்று. குழு தானே போட்டவை, தொடரோடு சம்பந்தமில்லாத விற்பனைப் பதிவுகள், ஒரே ரசிகர் திரும்பத் திரும்பப் போட்டவை எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கும். இவற்றைக் கழித்துவிட்டு எத்தனை தனி மனிதர்கள் போட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த அத்தியாயத்துக்கும் வந்தார்கள் என்று பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

கிரீனின் தொடரிலிருந்து 2020இல் ‘யூ ஆர் ஆன் ஆர்ட்டிஸ்ட்’ என்ற புத்தகம் வந்தது. 50க்கும் மேற்பட்ட வேலைகள் அதில் உள்ளன. ஹேஷ்டேக்கே தேவைப்படாமல், தாளிலேயே தனித்து நிற்கக்கூடிய வேலைகள் அவை. தொடரின் பலம் அங்கேதான் இருந்தது. புதிதாக ஹேஷ்டேக் அறிவிக்க நினைக்கும் குழுவினர் முதலில் பார்வையாளருக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறார்கள் என்பதையும், வரும் பதிவுகளை வாரந்தோறும் உட்கார்ந்து பார்த்துக் காட்ட யார் நேரம் ஒதுக்குவார் என்பதையும் முடிவு செய்யட்டும். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் ஹேஷ்டேக்கை அறிவிக்காமல் இருப்பதே பார்வையாளருக்குச் செய்யும் மரியாதை.