பெயர் எங்கே நிற்கிறது?

கட்சி அறிக்கையிலிருந்து எழுதிய செய்தியைப் படிக்கும்போது, சொன்னவரின் பெயர் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். தமிழில் ‘என்று குற்றஞ்சாட்டினார்’ கடைசியில்தான் வரும். நீண்ட வாக்கியத்தில் அங்கே போய்ச் சேர்வதற்குள் வாசகர் குற்றச்சாட்டை நடந்த சங்கதியாகவே நம்பியிருப்பார். தேர்ந்த உதவி ஆசிரியர் பெயரை முன்னால் நிறுத்தி, வாக்கியத்தையும் குறுக்கிவிடுவார்.

2024 ஜூலை மின்கட்டண உயர்வை எடுத்துக்கொள்வோம். அதைக் கண்டித்து ஒரு கட்சித் தலைவர் அறிக்கை விடுகிறார் என்று நானே எழுதிப் பார்த்தேன்: “இடைத்தேர்தல் முடியட்டும் என்று பதுங்கியிருந்த மக்கள் விரோத அரசு, ஏழைகளின் வயிற்றில் அடித்து மின்கட்டணத்தை உயர்த்திவிட்டது. மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று சொல்லி ஏமாற்றியவர்கள் இதை உடனே திரும்பப் பெற வேண்டும்.”

இதில் சரிபார்க்கக்கூடியவை சிலவே. விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் ஜூலை 10 வாக்குப்பதிவு, 13 வாக்கு எண்ணிக்கை. கட்டண உத்தரவு வெளியானது 15ஆம் தேதி. உயர்வு 4.83 சதவீதம், ஜூலை 1 முதலே கணக்கு. மாதாந்திரக் கணக்கெடுப்பு திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் இருக்கிறது. 2024 ஜூலை வரை நடைமுறைக்கு வரவில்லை.

‘பதுங்கியிருந்த’ என்பது நோக்கத்தைப் பற்றிய பேச்சு. எந்த ஆவணமும் அதை நிரூபிக்காது. தேதிகள் உண்மைதான் என்றாலும் அவற்றை இந்தக் குற்றச்சாட்டோடு ஒட்டவைத்தால், நிருபரே சாட்சி சொன்னதாகிவிடும். ‘அரசு உயர்த்தியது’ இன்னும் நுட்பமான இடம். உத்தரவிட்டது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆண்டுதோறும் உயர்த்த வழி செய்தது அதன் 2022 உத்தரவு. ஆனால் மின்வாரியம் அரசுடையது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் செய்தி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நான் ரசிக்கும் வடிவம் இது:

“மின்கட்டண உயர்வைத் திரும்பப் பெற வேண்டும் என்று கட்சித் தலைவர் வலியுறுத்தியுள்ளார். அவர் தம் அறிக்கையில், இடைத்தேர்தலுக்காகவே உயர்வு தள்ளிவைக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார். இது ‘ஏழைகளின் வயிற்றில் அடிக்கும்’ செயல் என்றார்.

ஒழுங்குமுறை ஆணையம் ஜூலை 15 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்துள்ளது. மின்வாரியம் அரசுக்குச் சொந்தமானது. மாதாந்திரக் கணக்கெடுப்பு, 2021இல் திமுக அளித்த வாக்குறுதி. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.”

தலைவரின் கோபத்தை உதவி ஆசிரியர் துடைத்தெறியவில்லை என்பதே எனக்குப் பிடித்தது. ஒரே ஒரு சொற்றொடரை மேற்கோளுக்குள் வைத்திருக்கிறார். அறிக்கை எவ்வளவு சூடானது என்று வாசகருக்குத் தெரிய அது போதும். ‘சுட்டிக்காட்டினார்’ என்ற வினையையும் தொடவில்லை. அது சொன்னதை உண்மையென்று ஒப்புக்கொள்ளும் சொல். அரசுத் தரப்பு பதில் தந்தால் மூன்றாவது பத்தியாகச் சேரும்.

இத்தனையும் தலைப்பில் கெட்டுப்போவதுண்டு. ‘ஏழைகளின் வயிற்றில் அடித்த அரசு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் பொடி எழுத்தில் தலைவர் பெயரைப் போடுவார்கள். அதனால் பக்குவமான கை, பிரதியை அனுப்பும்போதே ‘மின்கட்டண உயர்வைத் திரும்பப் பெறக் கோரிக்கை’ என்று தலைப்பையும் எழுதி அனுப்பிவிடும்.